வேலூரில் ரூம் போடும் முன்: திரையில் தெரியும் விலையும் கையை விட்டுப் போகும் காசும்

சி.எம்.சி. மருத்துவமனைக்கு எதிரே டீக்கடையில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழுந்துவிடும். "ஆப்ல 1,450 காட்டுது, கவுன்ட்டர்ல 1,700 கேக்கறாங்க. ஆப்லயே போட்டிருக்கலாம்" என்பார் ஒருவர். பக்கத்தில் நிற்பவர், "ஆப்காரன் வரி, அது இதுன்னு தீட்டிடுவான், நேர்ல பேசினாதான் கம்மி" என்பார். இரண்டு பேருமே அடித்துச் சொல்வார்கள். இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள். 1,450 என்ற எண்ணும் 1,700 என்ற எண்ணும் ஒரே பொருளின் விலை அல்ல.

வேலூருக்கு வருகிறவர்களில் பலர் சுற்றுலாவுக்கு வருவதில்லை. சிகிச்சைக்கு வருகிறார்கள், வி.ஐ.டி.யில் பிள்ளையைச் சேர்க்க வருகிறார்கள். ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கு வருபவருக்கு எப்போது ஊர் திரும்புவோம் என்று தெரியும். ரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருப்பவருக்குத் தெரியாது. அதனால் இந்த ஊரில் அறை வாடகையை ஒப்பிடும்போது வரி, கட்டணம் இவற்றோடு ரத்து விதியையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். பல சமயம் அந்த விதிதான் பெரிய செலவு.

## ஒரே அறைக்கு ஏன் நாலு விலை

இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயை உழவர் சந்தையில் விவசாயியிடமே வாங்கலாம், தெருமுனைக் கடையில் வாங்கலாம், போனில் சொல்லி வீட்டுக்கே வரவழைக்கலாம். காய் ஒன்றுதான். நடுவில் எத்தனை கை இருக்கிறது, ஒவ்வொரு கையும் என்ன வேலை செய்கிறது, அழுகலாக இருந்தால் யார் திரும்ப வாங்கிக்கொள்வார் என்பதைப் பொறுத்து விலை மாறுகிறது.

ஓட்டல் அறையும் அப்படித்தான். அறை உங்களிடம் வந்து சேரும் வழியை இந்தத் தொழிலில் சேனல் என்பார்கள். ஓட்டலின் கவுன்ட்டர் அல்லது போன் ஒரு சேனல். ஓட்டலின் சொந்த இணையதளம் இன்னொன்று. முன்பதிவு ஆப்கள் மூன்றாவது. பல ஆப்களின் விலையை வரிசையாகக் காட்டும் ஒப்பீட்டுப் பக்கங்களும் உண்டு. அவை தாமாக அறை விற்பதில்லை, விற்கிறவரிடம் உங்களை அனுப்பிவைக்கும், அவ்வளவுதான்.

ஆப் வழியாக அறை போனால் ஓட்டல் அதற்குக் கமிஷன் தர வேண்டும். நூற்றுக்குப் பதினைந்து, இருபது என்று போவது சாதாரணம். அப்படியானால் நேரில் எப்போதும் விலை குறைவாகத்தானே இருக்க வேண்டும்? அங்கேதான் சிக்கல். எங்களிடம் தரும் விலையைவிடக் குறைத்து வேறு எங்கும் விற்கக் கூடாது என்று பெரிய ஆப்கள் ஓட்டல்களோடு ஒப்பந்தம் போடுவது உண்டு. இதற்கு விலைச் சமநிலை நிபந்தனை என்று பெயர். இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் மேக்மைட்ரிப்-கோஐபிபோ மீது 223.48 கோடி ரூபாய் அபராதம் விதித்தபோது இந்த மாதிரி நிபந்தனைகளையும் நீக்கச் சொன்னது. இன்னொரு பக்கம், ஆப் தன் கையிலிருந்தே கூப்பன் தள்ளுபடி தரும். கவுன்ட்டர் விலையைவிட ஆப் விலை கீழே போவதற்கு அது ஒரு காரணம். அதை நஷ்டமாகப் பார்க்காதீர்கள், ஆப்பின் விளம்பரச் செலவு அது.

ஆக, எந்தச் சேனல் மலிவு என்பதற்கு நிரந்தரமான பதில் கிடையாது. அந்த நாளுக்கு, அந்த அறைக்குக் கணக்குப் போட்டால்தான் தெரியும்.

## திரையில் முதலில் தெரியும் எண்

ஆப்பைத் திறந்ததும் பெரிய எழுத்தில் வருவது பெரும்பாலும் ஒரு இரவுக்கான விலை, இரண்டு பேருக்கு, வரிக்கு முந்தையது. அதற்கு மேலே 2,900 என்று ஒரு எண்ணைக் கோடு போட்டு அடித்திருப்பார்கள். அதை மறந்துவிடுங்கள். அந்த விலைக்கு அந்த அறையை யாராவது எடுத்திருப்பார்களா என்பதே சந்தேகம்.

பார்க்க வேண்டியது கீழே சின்ன எழுத்தில் `Taxes & fees` என்று இருக்கும் இடம். அதைத் தொட்டால் விரியும். அதற்குள் இரண்டு வேறு வேறு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று அரசுக்குப் போகும் வரி, இன்னொன்று ஆப் தனக்காக எடுத்துக்கொள்ளும் கட்டணம். இரண்டையும் ஒரே இடத்தில் போட்டுவிடுவதால் எல்லாமே வரி என்று நினைத்துவிடுகிறோம்.

## வரி: 5, 18, சில இடங்களில் சுழி

அறை வாடகைக்கு ஜி.எஸ்.டி. உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு அறைக்கு ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை வாடகை என்றால் 5 சதவீதம். அதற்கு மேல் போனால் 18 சதவீதம். அதற்கு முன்பு 7,500 வரை 12 சதவீதமாக இருந்தது. பழைய நினைப்பில் இன்னும் 12 போட்டுக் கணக்குச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

7,500 என்ற எல்லையைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு மட்டும் 18 என்று நினைக்க வேண்டாம், முழு வாடகைக்கும் 18. அதனால் 7,500 ரூபாய் அறைக்கு வரியோடு 7,875 ஆகும், 7,600 ரூபாய் அறைக்கு 8,968 ஆகும். வாடகையில் நூறு ரூபாய்தான் வித்தியாசம், கட்டுவதில் ஆயிரத்துக்கு மேல். வேலூரில் இந்த எல்லைக்குப் பக்கத்தில் வரும் அறைகள் குறைவு. வெளியூருக்குக் கல்யாணத்துக்குப் போகும்போது ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

நம் ஊருக்கு இன்னும் முக்கியமானது அடுத்தது. ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத சின்ன லாட்ஜ், பொதுவாக ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்ய வேண்டியதில்லை. காந்தி ரோட்டைச் சுற்றியுள்ள சந்துகளில் ஏழெட்டு அறை வைத்து நடத்தும் இடங்களை நினைத்துக்கொள்ளுங்கள். பதிவு இல்லாதவர் வரி வாங்கவும் கூடாது. ஆனால் அதே லாட்ஜின் அறை ஆப் வழியாகப் போனால், அந்த வரியைக் கட்டும் பொறுப்பைச் சட்டம் ஆப் மேல் வைக்கிறது. ஆப் அதை உங்களிடம் வாங்கும். அதே அறை, அதே கட்டில். நேரில் போனால் வரி இல்லை, ஆப்பில் போனால் 5 சதவீதம். இரண்டுமே சட்டப்படி சரி. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

நேரில் வரி கேட்டால் பில்லைப் பாருங்கள். பதிவு பெற்றவர் பில்லில் 15 எழுத்துகள் கொண்ட ஜி.எஸ்.டி. எண் இருக்கும். தமிழ்நாட்டில் பதிவானது என்றால் அது 33 என்று தொடங்கும். எண் இல்லாத துண்டுச் சீட்டில் "ஜி.எஸ்.டி. 5%" என்று பேனாவால் எழுதியிருந்தால், அந்தக் காசு அரசுக்குப் போகப்போவதில்லை.

## கட்டணம்: வரி மாதிரி தெரிவது

ஆப் தன் சேவைக்கு எடுத்துக்கொள்வதைக் கன்வீனியன்ஸ் ஃபீ என்றோ சர்வீஸ் ஃபீ என்றோ குறிப்பிடுவார்கள். இது அரசு விதித்தது அல்ல. ஆப்புக்கு ஆப் மாறும், சிலர் வாங்குவதே இல்லை. இதன் மேலேயும் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. இன்னொரு குணமும் இதற்கு உண்டு. அறையை ரத்து செய்து வாடகை முழுதும் திரும்பி வந்தாலும், பல ஆப்களில் இந்தக் கட்டணம் மட்டும் திரும்பாது.

இதோடு சேர்ந்து, நீங்கள் கேட்காமலே பயணக் காப்பீடு என்று ஒரு தொகையும் நன்கொடை என்று பத்து ரூபாயும் டிக் செய்யப்பட்டு நிற்கலாம். கேட்காததைக் கூடையில் சேர்ப்பது, விலையைக் கடைசித் திரை வரை துளித்துளியாக ஏற்றிக்கொண்டே போவது, "இன்னும் ஒரே ஒரு அறைதான்" என்று பொய்யாக அவசரப்படுத்துவது ஆகிய எல்லாமே மத்திய அரசு 2023 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறைகளில் தடுக்கப்பட்ட தந்திரங்கள். தடை இருப்பதால் அவை காணாமல் போய்விடவில்லை. டிக்கை எடுத்துவிட்டு மேலே போங்கள்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்தால் கணக்கு எளிது. வாடகையை இரவுகளால் பெருக்குங்கள், வரியைச் சேருங்கள், கட்டணத்தையும் அதன் வரியையும் சேருங்கள். பணம் கட்டும் கடைசித் திரை வரை போனால் ஆப்பே இந்தக் கூட்டுத்தொகையைக் காட்டிவிடும். அங்கே நிறுத்திக் குறித்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம், அதுவரை காசு எதுவும் போகாது.

## ஒரு கணக்கு, ரூபாய் பைசாவோடு

தூத்துக்குடியிலிருந்து ஒரு கணவன் மனைவி மருத்துவப் பரிசோதனைக்காக மூன்று இரவு தங்க வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நடுத்தரமான ஓட்டல், ஏ.சி. டபுள் ரூம். எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை, ஆனால் இந்த அளவில்தான் இருக்கும்.

ஆப்பில் அந்த அறைக்கு இரவுக்கு 1,450. மூன்று இரவுக்கு 4,350. ஜி.எஸ்.டி. 5 சதவீதம், 217.50. கன்வீனியன்ஸ் ஃபீ 180, அதற்கு 18 சதவீத வரி 32.40. மொத்தம் 4,779.90. இது `Non-refundable` விலை. அதாவது ரத்து செய்தால் காசு திரும்பாது.

ஓட்டலுக்குப் போன் செய்தால் இரவுக்கு 1,700. மூன்று இரவுக்கு 5,100. ஜி.எஸ்.டி. 255. மொத்தம் 5,355. வேறு கட்டணம் இல்லை.

திரையில் பார்த்தபோது ஆப் ஒரு இரவுக்கு 250 ரூபாய், மூன்று இரவுக்கு 750 ரூபாய் மலிவாகத் தெரிந்தது. எல்லாம் சேர்த்த பிறகு மிச்சம் 575.10. குறைந்தாலும் ஆப்தான் மலிவு, அதில் சந்தேகம் இல்லை.

இப்போது கூடவே மாமியாரும் வருகிறார். ஆப்பில் தேடும்போது "2 பேர்" என்றே விட்டுவிட்டார்கள், நிறையப் பேர் அப்படித்தான் விடுகிறார்கள். ஓட்டலில் மூன்றாவது ஆளுக்கு எக்ஸ்ட்ரா பெட் இரவுக்கு 300 என்பார்கள். மூன்று இரவுக்கு 900, வரியோடு 945. ஆப் வழிச் செலவு 5,724.90 ஆகிவிட்டது. போனில் பேசும்போதே "மூணு பேரு, ஒரு மெத்தை கூடப் போட்டுக் குடுங்க" என்று கேட்டிருந்தால் பல இடங்களில் அந்த 1,700-க்குள்ளேயே ஒப்புக்கொள்வார்கள். அப்படி ஒப்புக்கொண்டால் மொத்தம் அதே 5,355 தான். இப்போது நேரில் போடுவதுதான் 369.90 மலிவு. ஆள் ஒன்று கூடியதும் பதில் தலைகீழாகிவிட்டது.

## ஒரு நாள் எப்போது தொடங்குகிறது

இது எந்த ஒப்பீட்டுப் பட்டியலிலும் வராத செலவு. ஆப்பில் ஒரு நாள் என்பது பெரும்பாலும் பகல் 12 மணிக்குத் தொடங்கி மறுநாள் 11 அல்லது 12 மணிக்கு முடிவது. வேலூர் லாட்ஜ்களில் பழைய வழக்கம் இன்னும் பல இடங்களில் உண்டு, 24 மணி நேரக் கணக்கு. நீங்கள் சாவி வாங்கிய நேரத்திலிருந்து மறுநாள் அதே நேரம் வரை ஒரு நாள்.

காட்பாடி ஜங்ஷனில் விடியற்காலை இறங்கி ஆறு மணிக்கு லாட்ஜ் வாசலில் நிற்பவருக்கு இந்த வித்தியாசம் பெரிது. பன்னிரண்டு மணிக் கணக்கில் பதிவு செய்தவரை, அறை காலியாக இருந்தால் உள்ளே விடுவார்கள். இல்லாவிட்டால் ஹாலில் உட்காரச் சொல்வார்கள், அல்லது அரை நாள் வாடகை கேட்பார்கள். நோயாளியோடு வந்தவர் காத்திருக்க முடியாமல் முதல் நாள் இரவையும் சேர்த்தே பதிவு செய்தால், நம் கணக்கில் அது இன்னொரு 1,522.50. இரண்டு பேருக்கே மொத்தம் 6,302.40 ஆகிவிடும். போனில் பேசியவர் 24 மணி நேரக் கணக்கில் அதே 5,355-இல் முடித்திருப்பார்.

24 மணி நேரக் கணக்கு எப்போதும் நல்லது என்று சொல்லவரவில்லை. காலை ஆறுக்கு நுழைந்தவர் கடைசி நாளும் காலை ஆறுக்குக் கிளம்ப வேண்டும். ரயில் சாயங்காலம் என்றால் அந்தப் பகலுக்கு ஒரு தொகை கேட்பார்கள். அப்போது பன்னிரண்டு மணிக் கணக்கே தேவலை. உங்கள் ரயில் நேரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் எது சரிவரும் என்று தெரிந்துவிடும்.

## ரத்து விதி: இதற்கும் ஒரு விலை உண்டு

மூன்று வகை விலைகள் புழக்கத்தில் இருக்கின்றன. ரத்து செய்தால் எதுவும் திரும்பாத விலை ஒன்று, கொஞ்சம் மலிவு. ஒரு கெடு வரை இலவசமாக ரத்து செய்யும் விலை ஒன்று, திரையில் `Free cancellation` என்று இருக்கும், கொஞ்சம் கூடுதல். மூன்றாவது, ஓட்டலில் வந்து கட்டும் முறை. மூன்றாவதில் காசே கட்டவில்லையே என்று வராமல் விட்டுவிட வேண்டாம். கார்டு விவரம் கொடுத்திருந்தால் ஒரு இரவு வாடகையைப் பிடிக்க விதி இடம் தரலாம். சொல்லாமல் வராமல் இருப்பதை இவர்கள் நோ-ஷோ என்பார்கள்.

இலவச ரத்து என்பதில் கெடு எந்த நேரம் என்று படிக்க வேண்டும். "செக்-இன் நேரத்துக்கு 24 மணி நேரம் முன்பு வரை" என்றால், புதன்கிழமை பகல் 12 மணி செக்-இன்னுக்குச் செவ்வாய் பகல் 12 மணிதான் கெடு. செவ்வாய் சாயங்காலம் டாக்டர் அப்பாயின்ட்மென்ட் தேதி தள்ளிப்போனது என்று செய்தி வந்தால், இலவச ரத்து உங்களுக்கு உதவாது.

நம் தம்பதிக்கு அதே ஆப்பில் இலவச ரத்து விலை இரவுக்கு 1,600 என்று வைத்துக்கொள்வோம். மூன்று இரவுக்கு வரி, கட்டணம் எல்லாம் சேர்த்து 5,252.40 வரும். திரும்பாத விலையைவிட 472.50 கூடுதல். இந்த 472.50-ஐக் கொடுப்பது புத்திசாலித்தனமா?

ரத்து செய்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். திரும்பாத விலையில் 4,779.90 முழுதும் போகும். இலவச ரத்தில் கட்டணமும் அதன் வரியுமாக 212.40 மட்டும் போகும். காப்பாற்றப்படும் தொகை 4,567.50. ரத்து நடக்காவிட்டால் வீணாவது 472.50. இரண்டையும் எடை போட்டால், பயணம் ரத்தாகப் பத்தில் ஒரு வாய்ப்பு இருந்தாலே அந்தக் கூடுதல் காசு நியாயம்தான். பிள்ளையின் கவுன்சலிங் தேதி உறுதி, ரயில் டிக்கெட்டும் கையில் இருக்கிறது என்றால் வேண்டாம். அப்பாயின்ட்மென்ட் இன்னும் உறுதியாகவில்லை என்றால் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம்.

ஆனால் இலவச ரத்து என்பது வருவதற்கு முன்பு மட்டும்தான் உங்களைக் காக்கும். இதைப் பலர் கவனிப்பதில்லை. வந்து சாவி வாங்கிய பிறகு, இரண்டாம் நாளே டாக்டர் "ரிப்போர்ட் நல்லா இருக்கு, ஊருக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டால், மூன்றாவது இரவின் காசு பொதுவாகத் திரும்பாது. கவுன்ட்டரில் கேட்டால் "பேமென்ட் ஆப்ல பண்ணியிருக்கீங்க சார், எங்க கையில இல்ல" என்பார்கள். ஆப்பில் கேட்டால் "ஓட்டல் ஒப்புக்கொண்டால் தருகிறோம்" என்பார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. பணம் ஒருவரிடம், சம்மதம் இன்னொருவரிடம், நடுவில் நீங்கள்.

மருத்துவமனை ஊரில் அடிக்கடி நடப்பது இந்த முன்கூட்டிக் கிளம்புதல்தான். இதையும் கணக்கில் கொண்டுவருவோம். இரண்டே பேர், மூன்று இரவும் தங்கினால் ஆப் 575.10 மிச்சம். ஒரு நாள் முன்னால் கிளம்பினால், நேரில் போட்டவர் இரண்டு இரவுக்கு 3,570 மட்டும் கொடுத்துவிட்டுப் போவார். ஆப்பில் போட்டவருக்கு ஏற்கெனவே 4,779.90 போய்விட்டது. நஷ்டம் 1,209.90. ஆக, முன்கூட்டிக் கிளம்ப மூன்றில் ஒரு வாய்ப்பு இருந்தாலே ஆப்பின் மலிவு கரைந்துவிடுகிறது. எத்தனை நாள் ஆகும் என்று தெரியாத நோயாளிக்கு அந்த வாய்ப்பு அதைவிட அதிகம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இதற்கு நடுவழி ஒன்று உண்டு. ஆப்பில் முதல் ஒரு இரவுக்கு மட்டும் பதிவு செய்து, வந்து அறையைப் பார்த்து, பிறகு ஒவ்வொரு நாளாகக் கவுன்ட்டரில் நீட்டிக்கொள்வது. நீட்டிக்கும் விலை ஆப் விலையாக இருக்காது, அதைப் பதிவு செய்யும் முன்பே போனில் கேட்டுக்கொள்ள வேண்டும். கல்லூரிச் சேர்க்கை நாட்களில் அறை கிடைக்காமல் போகும் ஆபத்தும் உண்டு. மற்ற நாட்களில் இது நல்ல வழி.

ரத்து பற்றி இன்னொன்று, இது நம் மாவட்டத்துக்காரர்களுக்கு. சில ஓட்டல்கள் உள்ளூர் அடையாள அட்டை ஏற்கப்படாது என்று விதிப் பகுதியின் கடைசியில் போட்டிருக்கும். குடியாத்தத்திலிருந்தோ அணைக்கட்டிலிருந்தோ அம்மாவைச் சேர்க்க வந்தவர் வேலூர் மாவட்ட முகவரி உள்ள ஆதாரை நீட்டினால் அறை இல்லை என்று சொல்லிவிடலாம். திரும்பாத விலையில் போட்டிருந்தால் காசுக்கும் சண்டை போட வேண்டியிருக்கும். விதியில் எழுதியிருக்கிறதே என்று கையைக் காட்டுவார்கள்.

## போனில் என்ன கேட்பது

ஆப்பில் கடைசித் திரை வரை போய்த் தொகையைக் குறித்த பிறகு ஓட்டலைக் கூப்பிடுங்கள். பேச்சு இப்படிப் போனால் போதும்.

"அண்ணா, புதன்கிழமை காலைல ஆறு மணிக்கு வர்றோம். மூணு பேரு, ஏ.சி. டபுள் ரூம். மெத்தையோட, டாக்ஸ் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு என்ன ஆகும்?"

"1,785 ஆகும் சார். மெத்தை போட்டுத் தந்துடறோம்."

"செக்-அவுட் 24 மணி நேரமா, பன்னெண்டு மணியா?"

"24 அவர்ஸ் சார்."

"ஒரு நாள் முன்னாடியே கிளம்பினா தங்கின நாளுக்கு மட்டும் குடுத்தாப் போதுமா?"

"போதும் சார். அட்வான்ஸ் 500 போட்டுடுங்க."

"சரிண்ணா, இதை வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜா போட்டுடுங்க, அட்வான்ஸ் அனுப்பறேன்."

"ரூம் என்ன விலை?" என்று மட்டும் கேட்டால் 1,700 என்பார். "எல்லாம் சேர்த்து" என்று கேட்டதால் 1,785 வந்தது. ஆப்பின் கூட்டுத்தொகையை மூன்று இரவுகளால் வகுத்து, மூன்றாவது ஆளின் செலவையும் சேர்த்து இதன் பக்கத்தில் வைத்தால்தான் ஒப்பீடு நேராக இருக்கும். ஆப் விலையைச் சொல்லிப் பேரம் பேசலாம், தப்பில்லை. கமிஷன் மிச்சமாவது அவருக்கும் தெரியும்.

போன் எண்ணை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதில் கவனம் வேண்டும். தேடுபொறியில் ஓட்டல் பெயருக்குப் பக்கத்தில் மோசடிக்காரரின் எண் இருப்பது நடக்கிறது. யு.பி.ஐ.யில் பணம் அனுப்பும்போது திரையில் வரும் பெயர் ஓட்டலுக்குச் சம்பந்தமில்லாததாக இருந்தால் நிறுத்தி, யார் பெயர் இது என்று கேளுங்கள். அட்வான்ஸை ஒரு நாள் வாடகைக்குள் வைத்துக்கொள்வதும் நல்லது.

ஆப்பில் போடுவது என்று முடிவெடுத்தாலும் ஒரு போன் செய்துவிடுங்கள். பதிவு எண்ணைச் சொல்லி "உங்க லிஸ்ட்ல வந்திருக்கா?" என்று கேட்டால் போதும். சின்ன லாட்ஜ்களில் ஆப்பின் கணினியை யாரும் நாள் முழுதும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. நீங்கள் காசு கட்டிய அறையைக் கவுன்ட்டரில் வேறு ஒருவருக்குக் கொடுத்திருப்பார்கள்.

## பில் வரும்போது

கிளம்பும்போது வரும் பில்லில், பதிவு செய்தபோது சொல்லாத எதுவும் இருக்கக் கூடாது. ஜெனரேட்டர், வெந்நீர் என்று தனியாகப் போட்டிருந்தால் கேளுங்கள். சாப்பாட்டு பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று தானாகச் சேர்த்திருந்தால் அதை எடுக்கச் சொல்லலாம். அப்படித் தானாகச் சேர்க்கக் கூடாது என்பது 2022 ஜூலை முதல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் நெறிமுறை, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது.

ரீஃபண்ட் வர வேண்டியிருந்தால் எங்கே வருகிறது என்று பாருங்கள். ஆப்பின் வாலட்டுக்கு உடனே வரும், ஆனால் அதை அங்கேயே மறுபடி செலவழிக்க வேண்டும். கட்டிய வங்கிக் கணக்குக்கே வேண்டும் என்று தேர்ந்தெடுத்தால் சில வேலை நாட்கள் ஆகும். இரண்டு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வரப்போகிறவருக்கு வாலட் பரவாயில்லை. மற்றவர்கள் வங்கியையே கேட்கலாம்.

விதிப்படி வர வேண்டிய காசு வரவில்லை என்றால், பணம் கட்டும் முன் எடுத்த ரத்து விதியின் ஸ்கிரீன்ஷாட், பதிவு எண், கட்டிய ரசீது மூன்றையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடலாம். தமிழிலும் பேசலாம். அந்த ஸ்கிரீன்ஷாட்டைக் காசு கட்டிய பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். பதிவான பிறகு வரும் மின்னஞ்சலில் ரத்து விதி பல சமயம் இரண்டே வரியாகச் சுருங்கியிருக்கும், கெடு நேரம் அதில் இருக்காது.